வால்யூம் குமிழைத் திருப்பினால் ஏன் கரகரக்கிறது?

பழைய மியூசிக் சிஸ்டம் ஒன்றை நெடுநாள் கழித்து இயக்கிப் பார்த்தால், பாட்டு தெளிவாகவே வரும். ஆனால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வால்யூம் குமிழில் கை வைத்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'கரகர' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். சில நேரம் ஒரு பக்க ஸ்பீக்கர் அப்படியே ஊமையாகி, குமிழை ஒரு மயிரிழை நகர்த்தியதும் மீண்டும் பாடத் தொடங்கும். இதை யாரிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கும், கொஞ்சம் ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்."

இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் எந்த ஸ்ப்ரே, எங்கே, எவ்வளவு என்று தெரியாமல் அடித்துவிட்டு, இரண்டு வாரத்தில் அதே கரகரப்பு திரும்பி வருவதைப் பலர் பார்க்கிறார்கள். சில கருவிகளில் கரகரப்புக்குக் காரணம் அழுக்கே அல்ல. அங்கே எத்தனை முறை தெளித்தாலும் பயன் இல்லை. குமிழுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த இரண்டு காரணங்களையும் கருவியைத் திறப்பதற்கு முன்பே ஓரளவு பிரித்தறிந்துவிடலாம்.

## குமிழ் ஒரு குழாய் அல்ல

வால்யூம் குமிழைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிடுவது வழக்கம்: திருகினால் அதிகம் வரும், மூடினால் நின்றுபோகும். கேட்க எளிதாக இருந்தாலும், கரகரப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒப்பீடு உதவாது. வேறொரு படத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஒரு நீண்ட பலகையின் ஒரு முனை தரையோடு கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேகமாக மேலும் கீழும் அசைக்கிறார். அந்தப் பலகையின்மேல் நீங்கள் ஒரு விரலை வைத்திருக்கிறீர்கள். தரையோடு பொருத்திய முனைக்கு அருகில் விரல் இருந்தால் அசைவு ஏறக்குறைய இல்லை. அசைக்கும் முனையை நோக்கி விரலை நகர்த்த நகர்த்த அதிகமாகும். பலகை முழுவதும் ஒரே சீராகத்தான் ஆடுகிறது; எந்த இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைக்கும் அசைவின் அளவு மாறுகிறது.

வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதுபோன்ற அமைப்புதான். அதற்குப் பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். பழுது பார்ப்பவர்கள் சுருக்கமாகப் 'பாட்' என்பார்கள். பலகையின் இடத்தில், குதிரை லாடம்போல் வளைந்த ஒரு கரிப்பூச்சு இருக்கிறது; அதைக் கரித்தடம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். கரித்தடத்தின் ஒரு முனைக்குப் பாட்டின் மின் அலை வந்து சேர்கிறது, மறுமுனை கருவியின் பூஜ்ய மின்னழுத்தப் புள்ளியோடு, அதாவது 'கிரவுண்டோடு', இணைந்திருக்கிறது. விரலின் இடத்தில், குமிழைத் திருப்பும்போது கரித்தடத்தின்மேல் வழுக்கிச் செல்லும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. அதற்குத் தொடுமுனை என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொடுமுனைக்குக் கிடைக்கும் அலைதான் அடுத்த கட்டத்தில் பெரிதாக்கப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகிறது.

ஆகவே மூன்றே பகுதிகள்: அலை வரும் முனை, கிரவுண்ட் முனை, இரண்டுக்கும் இடையே நகரும் தொடுமுனை. 'பாட்'டின் பின்புறம் மூன்று மின்கால்கள் வரிசையாக இருப்பதற்கும் காரணம் இதுவே. ஸ்டீரியோ கருவியில் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு கரித்தடங்கள் ஒரே தண்டில் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அங்கே மின்கால்கள் ஆறு.

## கரகரப்பு பிறக்கும் இடம்

தொடுமுனை கரித்தடத்தை மிக மெல்லிய அழுத்தத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதிகம் அழுத்தினால் கரிப்பூச்சு தேய்ந்துவிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். பல பாட்களில் தொடுமுனை சீப்பின் பற்களைப்போல இரண்டு மூன்று விரல்களாகப் பிளந்திருக்கும்; ஒரு விரல் எழும்பினாலும் இன்னொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த மெல்லிய தொடர்புக்கு நடுவே பல பொருள்கள் வந்து சேர்கின்றன. 'பாட்'டின் கூட்டில் இருக்கும் இடைவெளி வழியே தூசி நுழைகிறது. உலோகப் பகுதிகளின்மேல் காற்றும் ஈரமும் பட்டு மங்கலான ஒரு படலம் உருவாகிறது. அது மின்சாரத்தை எளிதில் விடாது. கரித்தடத்திலிருந்தே உதிர்ந்த நுண்துகள்கள் தொடுமுனையின் வழியில் குவிகின்றன. தயாரிக்கும்போது தடவிய கிரீஸ் காய்ந்து பசையாகிறது.

இப்போது குமிழைத் திருப்பினால், தொடுமுனை இந்தக் குப்பையின்மேல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது தொடர்பு அறுகிறது, இறங்கும்போது மீண்டும் சேர்கிறது. பலகையின்மேல் வைத்த விரல் இடறி இடறிச் செல்வதுபோல. அறுந்து சேரும் ஒவ்வொரு முறையும் அலையின் மட்டம் திடீரென விழுந்து எழுகிறது. அப்படிப்பட்ட ஒரு திடீர்த் தாவலை நம் காது 'டக்' என்று கேட்கிறது. ஒரு விநாடிக்குள் பல பத்துத் தாவல்கள் வந்தால் அவை சேர்ந்து 'கரகர' ஆகின்றன.

குமிழை அசைக்காமல் வைத்திருக்கும்போது இரைச்சல் இல்லாததற்குக் காரணமும் இதுவே: தொடுமுனை ஒரு நல்ல இடத்தில் நின்றுவிட்டது. மாறாக, தொடுமுனை அழுக்கின்மேலேயே நின்றுவிட்டால் அந்தப் பக்க ஸ்பீக்கர் ஊமையாகும். இடது வலது தடங்கள் தனித்தனி என்பதால் ஒரு பக்கம் மட்டும் போவதும் இயல்புதான்.

சுருக்கமாக: கரகரப்பு என்பது தொடுமுனைக்கும் கரித்தடத்துக்கும் இடையிலான தொடர்பு நொடிக்கு நொடி அறுந்து சேர்வதன் ஒலி.

## திறப்பதற்கு முன் ஒரு சோதனை

இங்கேதான் பலகை உவமையின் முழுப் பயன் வெளிப்படுகிறது. பாட்டை நிறுத்திவிடுங்கள், கருவி இயங்கிக்கொண்டிருக்கட்டும், ஆனால் கேசட்டோ வேறு எதுவோ ஓட வேண்டாம். அலை இல்லாததால் பலகை இப்போது தரையில் தட்டையாகக் கிடக்கிறது. விரல் எங்கே இடறினாலும் உயரம் மாறப்போவதில்லை, ஏனெனில் எல்லா இடமும் தரைமட்டம்தான். ஆகவே வெறும் அழுக்கு மட்டுமே குறை என்றால், பாட்டு ஓடாதபோது குமிழைத் திருப்பினால் கரகரப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்க வேண்டும்.

பாட்டு இல்லாதபோதும் கரகரப்பு அதே பலத்தோடு வந்தால், யாரோ பலகையின் மறுமுனையைத் தூக்கியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதாவது வரக்கூடாத ஒரு நிலையான மின்னழுத்தம், டி.சி. மின்னழுத்தம், கரித்தடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பலகை எப்போதும் சரிவாக நிற்பதால் சிறு இடறலும் பெரிய தாவலாகிறது. இந்தச் சோதனை முழுத் தீர்ப்பு அல்ல. தொடுமுனை அறுந்து தனித்து நிற்கும் கணங்களில் சுற்றுப்புற ரீங்காரம் உள்ளே புகுந்து கொஞ்சம் ஓசை எழுப்பக்கூடும். ஆனால் எந்தத் திசையில் சந்தேகப்பட வேண்டும் என்பதை இது காட்டிவிடும்.

இதோடு இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். குமிழைத் தொடாமலே கரகரத்தால் பாட் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. தளர்ந்த இணைப்போ, சால்டர் விரிசலோ, வேறு உறுப்போ இருக்கலாம். குமிழ் எந்த முனையிலும் நிற்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனால் அது பொட்டென்ஷியோமீட்டரே அல்ல, திருப்பும் படிகளை எண்ணிச் சொல்லும் ஒருவகை சுவிட்ச். பிற்காலக் கருவிகளில் இது பரவலாக உண்டு. அது கெட்டால் கரகரக்காது, கூட்டத் திருப்பினால் குறையும் அல்லது எண்கள் தாவும். இக்கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

## எல்லாத் தெளிப்பானும் கான்டாக்ட் கிளீனர் அல்ல

கான்டாக்ட் கிளீனர் என்பது மின்தொடர்புப் பரப்புகளின் அழுக்கைக் கரைத்து வெளியேற்றுவதற்கென்று தயாரிக்கப்பட்ட திரவம். துருப்பிடித்த திருகாணியை இளக்கும் பொதுவகைத் தெளிப்பு எண்ணெய் வேறு பொருள். டப்பா ஒரேபோல் இருப்பதாலும், அடித்த உடனே கரகரப்பு அடங்குவதாலும், இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். எண்ணெய்ப்பிசுக்கு அழுக்கை இளக்குவது உண்மை; ஆனால் அது ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்கி, அடுத்து வரும் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

உண்மையான கான்டாக்ட் கிளீனரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கழுவிவிட்டு முழுவதும் ஆவியாகிவிடும் வகை. சுவிட்சுகளுக்கும் பிளக்குகளுக்கும் அது நன்று. 'பாட்'டுக்குப் பயன்படுத்தினால், கரித்தடத்தின்மேல் இருந்த மெல்லிய வழுக்குப் படலத்தையும் சேர்த்துக் கழுவிவிடும். பிறகு தொடுமுனை வறண்ட கரியின்மேல் உராய்ந்து தேய்வு கூடும். மற்றொன்று, கழுவிய பிறகு மிக மெல்லிய மசகுப் படலத்தை விட்டுச்செல்லும் வகை. டப்பாவில் பொட்டென்ஷியோமீட்டர், ஃபேடர் ஆகியவற்றுக்கு உகந்தது என்று எழுதியிருக்கும் இந்த வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். அதோடு பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லாதது என்ற குறிப்பும் இருக்க வேண்டும், ஏனெனில் சில கரைப்பான்கள் பழைய கருவியின் கண்ணாடிபோன்ற முகப்புப் பிளாஸ்டிக்கை நொடியில் வெண்மையாக்கி விரிசல் விடச் செய்யும். சந்தேகமிருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு துளி வைத்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

## மூடியைக் கழற்றும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய ரேடியோக்களிலும் சிறிய சிஸ்டங்களிலும் வால்யூம் குமிழை இடது கோடிக்குத் திருப்பினால் 'டிக்' என்று அணையும். அந்த 'டிக்' எழுப்பும் சுவிட்ச் 'பாட்'டின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது, அதற்குள் வீட்டு மின்சாரம் நேரே வந்துபோகலாம். பிளக் செருகியிருக்கும்வரை, அணைத்த கருவியிலும் அந்த மின்காலில் முழு மின்னழுத்தம் நிற்கக்கூடும். அத்தகைய 'பாட்'டில் முதுகுப்புறச் சுவிட்சுக்குள் திரவம் போகவே கூடாது.

இரண்டாவது ஆபத்து, பவர் சப்ளையில் நிற்கும் உருளை வடிவ பெரிய மின்தேக்கிகள். மின்தேக்கி என்பது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு. பிளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம் ஏற்றம் பெற்றே இருக்கும். டிரான்சிஸ்டர் கருவி என்றால் சில நிமிடங்கள் காத்திருந்து, மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளிலும் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வு பொருத்திய கருவியைத் தொடக்கநிலையில் இருப்பவர் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் சில நூறு வோல்ட் இருக்கும். ஒருமுறை கை தவறினாலும் உயிருக்கு ஆபத்து.

பல கிளீனர்கள் எளிதில் தீப்பற்றுபவை. சன்னல் திறந்த அறையில், அருகே அடுப்போ விளக்கோ இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

## ஒரு கருவி, இரு பக்கம்

நண்பர் ஒருவர் தம் தந்தை பயன்படுத்திய 1980களின் கேசட் சிஸ்டம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். ஏற்கெனவே அவர் குமிழைக் கழற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டின் அடியில் துரு நீக்கும் எண்ணெயைத் தாராளமாக அடித்திருந்தார். பத்து நாள் அமைதி; பிறகு பழைய கரகரப்பு, அதோடு ஒரு புதுக் குறை. முன்பு தேனில் கரண்டியைச் சுழற்றுவதுபோல் கனமாகத் திரும்பிய குமிழ், இப்போது விரல் பட்டாலே சுற்றியது.

அந்தக் கனத்துக்குக் காரணம் தண்டும் கழுத்தும் உரசும் இடத்தில் தடவியிருந்த கெட்டியான கிரீஸ். எண்ணெய் அதைக் கரைத்து, அழுக்கோடு சேர்த்துக் கரித்தடத்துக்கே கொண்டுபோய்விட்டது. தண்டு வழியே தெளிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை.

பாட்டு ஓடாதபோது செய்யும் சோதனையை முதலில் செய்தேன். வலப்பக்கம் ஏறக்குறைய மௌனம். பாட்டு ஓடும்போது மட்டும் அறுந்து அறுந்து வந்தது. இடப்பக்கமோ பாட்டே இல்லாமலும் பலமாகக் கரகரத்தது. ஒரே குமிழ், ஒரே ஓசை. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொண்டன. இதை மனத்தில் குறித்துக்கொண்டு, எப்படியும் இரண்டு தடங்களும் அழுக்கடைந்திருக்கும் என்பதால் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கினேன்.

மூடியைத் திறந்ததும் 'பாட்'டைச் சுற்றி நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்கால்கள் வெளிவரும் பக்கத்தில், உலோகக் கூட்டுக்கும் பழுப்பு நிறத் தகட்டுக்கும் இடையே ஒரு சிறு பிளவு தெரியும். டார்ச் அடித்தால் உள்ளே கரித்தடத்தின் கறுப்பு மினுங்கும். அதுதான் நுழைவாயில். ஸ்டீரியோ 'பாட்'டில் இரு தடங்களுக்கும் தனித்தனிப் பிளவு உண்டு. சில பாட்களில் இப்படிப் பிளவே இருக்காது. அவற்றைக் கழற்றாமல் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

'பாட்'டுக்குக் கீழே மடித்த துணி ஒன்றைச் செருகினேன். டப்பாவோடு வரும் மெல்லிய உறிஞ்சுகுழல் போன்ற நீட்சியைப் பொருத்தி, அதன் நுனியைப் பிளவில் வைத்து, அரை விநாடி மட்டும் அழுத்தினேன். பிறகு உடனே குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை முப்பது முறை திருப்பினேன். வேலையைச் செய்வது திரவம் மட்டும் அல்ல: இளகிய அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது தொடுமுனையின் நகர்வு. இந்தத் திருப்புதலைச் செய்யாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தெளிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

கருவியைச் சாய்த்துப் பிடித்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கசிவு துணியில் இறங்கியது. நண்பர் அடித்த எண்ணெயும், கரைந்த கிரீஸும், கரித்துகளும் கலந்தது அது. அதனால் இரண்டாம் முறையும் அரை விநாடி தெளித்து, மறுபடி முப்பது முறை திருப்பினேன். இப்போது வந்த கசிவு ஏறக்குறைய நிறமற்றிருந்தது. மூன்றாவது முறை தேவைப்படவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு அரை விநாடிகள், அவ்வளவே.

பிறகு மூடியைத் திறந்தே வைத்து இரவு முழுவதும் காயவிட்டேன். ஒரு மணி நேரம் போதும் என்று சில டப்பாக்கள் சொல்கின்றன. திரவம் மின்சுற்றுப் பலகைக்கு அடியிலோ டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ ஓடியிருந்தால் அது தெரியாது, தீப்பற்றும் ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது மின்சாரம் கொடுக்கும் துணிவும் எனக்கு இல்லை.

மறுநாள் வலப்பக்கம் முழுவதும் தெளிந்துவிட்டது. இடப்பக்கத்தில் கரகரப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுத் திருப்பினாலும் அதே 'கரகர' வந்தது.

## அழுக்கில்லாத கரகரப்பு

இதை ஏன் மறுபடி தெளித்துத் தீர்க்க முடியாது என்பதற்கு, 'பாட்'டுக்கு முன்னால் இருக்கும் ஒரு சிறு உறுப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலியைப் பெருக்கும் ஒவ்வொரு கட்டமும் தன் வேலைக்காகச் சில வோல்ட் டி.சி. மின்னழுத்தத்தின்மேல் நின்று இயங்குகிறது. பாட்டின் அலை அந்த மின்னழுத்தத்தின்மேல் ஏறி வருகிறது. 'பாட்'டுக்கு அலை மட்டும் வேண்டும், டி.சி. வேண்டாம். அதனால் நடுவில் ஒரு மின்தேக்கியை வாயிற்காவலர்போல் வைத்திருக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் அலையை அது கடத்தும், மாறாத டி.சி.யைத் தடுக்கும். இதற்கு இணைப்பு மின்தேக்கி என்று பெயர்.

பழைய கருவிகளில் இது பெரும்பாலும் உள்ளே ஈரமான கரைசல் கொண்ட எலக்ட்ரோலைட்டிக் வகை. வயதாக வயதாக அதன் காவல் தளர்ந்து, சிறிதளவு டி.சி. கசியத் தொடங்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் பாட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கரித்தடத்தின் பலகை இப்போது தூக்கியே நிற்கிறது. தொடுமுனை புத்தம்புதிதாக இருந்தாலும், அதன் இயல்பான நுண்ணிய இடறல்களே காதுக்குக் கேட்கும் அளவுக்குப் பெரிதாகின்றன.

அளந்து பார்ப்பது கடினம் அல்ல. பிளக்கை உருவிய நிலையில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் 'பாட்'டின் கிரவுண்ட் காலிலும், சிவப்பு முனையை அலை வரும் காலிலும் கிளிப்பால் மாட்டினேன். எது கிரவுண்ட் கால் என்பதை அறிய, குமிழை முழுவதும் குறைத்து வைத்து மின்தடையை அளந்தால் போதும். தொடுமுனையாகிய நடுக்காலோடு பூஜ்யத்துக்கு அருகில் காட்டும் ஓரக்கால்தான் அது. மீட்டரை டி.சி. மில்லிவோல்ட் அளவுக்குத் திருப்பி, கையை எடுத்துவிட்டு, பாட்டு எதுவும் ஓடாமல் கருவியை இயக்கினேன். 'பாட்'டின் முதுகில் வீட்டு மின்சாரச் சுவிட்ச் இல்லை என்று முன்பே பார்த்துவைத்திருந்ததால்தான் இப்படிச் செய்தேன்.

வலப்பக்கம் 2 மில்லிவோல்ட். இடப்பக்கம் 180 மில்லிவோல்ட்.

இந்த எண்ணின் பொருளைப் பார்ப்போம். அந்தப் 'பாட்'டின் மின்தடை 50,000 ஓம். ஓம் விதிப்படி 0.18 வோல்ட்டை 50,000 ஓமால் வகுத்தால் 3.6 மைக்ரோ ஆம்பியர் வரும். ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவான கசிவு. ஆனால் அந்த இடத்துக்கு வரும் பாட்டின் அலையே சில நூறு மில்லிவோல்ட்தான். ஆகவே பாட்டுக்கு நிகரான பலத்தோடு கரகரப்பு கேட்டதில் வியப்பில்லை. சில மில்லிவோல்ட் இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். பல பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மின்தேக்கியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இடப்பக்கத்தின் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கழற்றி, அதே அளவில் புதிது ஒன்றைப் பழையதன் நேர், எதிர் முனைகள் இருந்தபடியே பொருத்தினேன். இயக்கியதும் மீட்டர் 9 மில்லிவோல்ட் காட்டியது. புது எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி நிலைகொள்ளும்வரை சற்றுக் கசியும் என்பதால் காத்திருந்தேன், சில நிமிடங்களில் 2-க்குக் கீழே இறங்கிவிட்டது. குமிழைத் திருப்பினேன். இடப்பக்கமும் மௌனமாக இருந்தது. வலப்பக்க மின்தேக்கியும் அதே வயதுடையது என்பதால் அதையும் சேர்த்தே மாற்றினேன்.

சால்டரிங் பழக்கமில்லாதவர் இந்த வேலையைத் தாமே செய்ய வேண்டியதில்லை. ஆனால், "'பாட்'டைச் சுத்தம் செய்தாயிற்று, இடப்பக்கத்தில் டி.சி. வருகிறது" என்று பழுது பார்ப்பவரிடம் சொல்ல முடிந்தால், நல்ல 'பாட்'டைத் தேவையின்றி மாற்றும் செலவு தவிர்க்கப்படும்.

இந்தப் பகுதியின் சாரம்: பாட்டு ஓடாதபோதும் கரகரத்தால் 'பாட்'டுக்கு முன்னால் உள்ள மின்தேக்கியைப் பாருங்கள். சுத்தம் செய்து சில நாளில் திரும்பும் கரகரப்புக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

## கரித்தடமே தேய்ந்துவிட்டால்

டி.சி. இல்லை, சுத்தமும் முறையாகச் செய்தாயிற்று, ஆனாலும் ஒலி அறுகிறது என்றால் கரிப்பூச்சே தேய்ந்திருக்கலாம். அழுக்கு இடம் மாறும். தேய்வு இடம் மாறாது. எப்போதும் குமிழின் அதே நிலையில், பெரும்பாலும் அன்றாடம் கேட்கும் அளவுக்கு அருகில், ஒரு பக்கம் விட்டுப்போனால் அது தேய்வின் அடையாளம்.

உறுதி செய்ய, பிளக்கை உருவிய நிலையில் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே மின்தடையை அளந்தபடி குமிழை மிக மெதுவாகத் திருப்புங்கள். பாட் கருவியோடு இணைந்திருப்பதால் எண்ணின் அளவு சரியாக இராது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்; எண் சீராக ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் டிஜிட்டல் மீட்டர் காட்டத் தவறும் ஒரு கணத் துள்ளலையும் முள் காட்டிவிடும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் முள் துள்ளினால் 'பாட்'டை மாற்றுவதே வழி.

மாற்றும்போது மின்தடை அளவு மட்டும் பொருந்தினால் போதாது. குமிழைத் திருப்பத் திருப்ப மின்தடை சீராக ஏறும் பாட் ஒன்று. தொடக்கத்தில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறும் பாட் இன்னொன்று. காது ஒலியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப வால்யூமுக்கு இரண்டாவது வகையே வைக்கப்படுகிறது. தவறிப்போய் முதல் வகையைப் பொருத்தினால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே பாட்டு அலறும், மீதித் திருப்பலில் பெரிய மாற்றம் இராது. தண்டின் நீளமும் நுனியின் வடிவமும் பழைய குமிழுக்குப் பொருந்த வேண்டும் என்பதால், கழற்றிய 'பாட்'டைக் கையில் எடுத்துச்சென்று ஒப்பிட்டு வாங்குவதே நான் கடைப்பிடிக்கும் முறை.